அடித்தபின் விலகி நிற்கவும்

ஜூன் 12

தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் அம்மையாருக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், போன இடம் அப்படி. போனில் பேச ஆரம்பித்தால் இரண்டு பேரில் ஒருவர் பாதியில் துண்டிக்கிறோம். "ஒழுங்கா பேச வரலேன்னா எழுதிப் போடுங்க" என்றாய். எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்கிற ஒரு வசதி இதில் இருக்கிறது.

பெரியவன் எப்போதோ வேலைக்கு வெளியூர் போயாயிற்று, கடைக்குட்டியையும் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த மறுவாரமே பரணிலிருந்து உன் பெட்டியையும் இறக்கிவிட்டாய். உங்கள் தையல் ஆலை வெளியூரில் புதுக் கிளை திறக்கிறதாம், அங்கே இருக்கிற பெண்களுக்குச் சோதனை வேலை கற்றுக்கொடுக்க ஆறு மாதத்துக்கு ஆள் தேவையாம், முதலில் கை தூக்கியவள் நீ. நவம்பர் முடிவில் விருப்பம் இருந்தால் நிரந்தரமாகவே அங்கே இருந்துகொள்ளலாமாம். இந்தக் கடைசித் தகவலை நீ சொல்லவில்லை. உன் தோழியின் கணவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார், நான்தான் பழுது பார்க்கப் போய்க் கதவைத் திறந்தேன், வெளியே வந்த கையோடு எனக்கு வாழ்த்துச் சொன்னார். எதற்கு வாழ்த்து என்று விழித்தேன். பெண்டாட்டி விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு புருஷனுக்குத் தெரிகிறது.

அது போகட்டும். ஹாலில் இருந்த அட்டைப்பெட்டிகள், கடைக்குட்டியின் வரைபடச் சுருள்கள், இஸ்திரித் துணிகள் எல்லாவற்றையும் அகற்றினேன். அடியில் நம் டேபிள் டென்னிஸ் மேசை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறது, காலுக்கு அட்டை கொடுத்துவிட்டேன். நாம் முன்பு ஆடிய மன்றத்தில் நவம்பரில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கலப்பு இரட்டையர் போட்டி நடக்கிறது. நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து ஆடிவிட்டுப் போ.

இப்படிக்கு,
காலி வீட்டின் காவல்காரன்

•

ஜூன் 20

லிஃப்ட்காரருக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கடைக்குட்டி சொல்லிவிட்டாள், அதனால் கேட்கவில்லை.

என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இது ஒரு பழக்கம் உங்களுக்கு. திட்டிப் பயனில்லை என்று தெரிந்தும் திட்டுகிறேன்.

பெட்டியை இறக்கியதைக் குத்திக் காட்டினீர்கள், ஏன் என்று கேட்கவில்லை. கடைக்குட்டி போன அன்றைக்குச் சாப்பாடு போட்டேன். "அவ சாப்பிட்டிருப்பாளா?" என்றீர்கள். "சாப்பிட்டிருப்பா" என்றேன். அதோடு நம் பேச்சு தீர்ந்துபோயிற்று. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் நீங்கள் கேட்கக்கூட இல்லை, செய்தித்தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டீர்கள். இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தவிர ஒரு பேச்சும் கிடையாது. எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இங்கே தையல் வரிசையில் எண்பது பெண்கள். ஒருத்தி சட்டைக் கையைத் திருப்பித் தைத்துவிட்டாலும் பேச விஷயம் இருக்கிறது.

வருகிறேன். உங்களுக்காக இல்லை. எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். நிரந்தர விஷயத்தை நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன், லிஃப்ட் முந்திக்கொண்டது.

என் பேட் எங்கே இருந்தாலும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
இல்லத்தரசி (விடுப்பில்)

•

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நலம். நல்லாச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எண்ணெய்ப் பலகாரம் தின்பதில்லை. இது தினமும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்கும் கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்.

ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டு முகவரிக்கும் அனுப்புகிறேன், யாருக்கும் பாரபட்சம் இல்லை. நேற்று அம்மா போன் செய்து "அப்பாகிட்ட காஸ் சிலிண்டருக்குச் சொல்லச் சொல்லு" என்றாள். அரை மணி கழித்து அப்பா, "அம்மாகிட்ட கேளு, காஸ் புத்தகம் எங்க வச்சான்னு" என்றார். நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்கள் காஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன். அறைத்தோழி என்னை 'தந்தி ஆபீஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இனிமேல் சமாதானத் தூது கிடையாது. ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னால் போனை வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து நீங்கள் சண்டை போட்டால் நடுவே வந்து கோமாளி வேஷம் கட்டுவேனே, அதற்கும் ஓய்வு வேண்டும். உங்களுக்குள் ஏதாவது இருந்தால் நேராகப் பேசித் தொலையுங்கள். கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அழித்து எழுதப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் கடைக்குட்டி

•

ஜூலை 10

மேற்பார்வையாளருக்கு,

என் முழங்கை நலமில்லை. உன் பேட் பட்ட இடம் வீங்கி நீலம் பாரித்திருக்கிறது. உன் கை நலமாக இருக்கும் என்று நம்புகிறேன், அடித்த கைக்கு என்ன கேடு.

சனிக்கிழமை மன்றத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரட்டையர் ஆட்டத்தின் விதி உனக்கு மறந்துவிட்டதா? ஒரே ஆள் இரண்டு முறை தொடக்கூடாது. நான் அடித்தால் அடுத்தது நீ, நீ அடித்தால் அடுத்தது நான். நீ இடக்கைக்காரி, நான் வலக்கைக்காரன், இப்படி ஒரு ஜோடி அமைவது அதிர்ஷ்டம் என்று அந்தக் காலத்தில் மன்றமே பொறாமைப்பட்டது. வலக்கையன் இடது பக்கம், இடக்கைக்காரி வலது பக்கம், அதிகம் முட்டிக்கொள்ளவே தேவையில்லை. அப்படிப்பட்ட நாம் மூன்று முறை முட்டிக்கொண்டோம். எதிரில் ஆடிய அந்தப் பல் டாக்டர் தம்பதி சிரித்ததைப் பார்த்தாயா? அந்த ஆளுக்கு அத்தனை பல்லும் தெரிந்தது.

காரணம் நீ. நீ தடுத்து மெதுவாகத் திருப்பி அனுப்ப வேண்டும், எதிராளி குழம்பிப் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், நான் ஓங்கி அடித்து முடிப்பேன். அதுதான் நம் ஆட்டம். நீயோ முன்னால் பாய்ந்து நீயே அடிக்கிறாய். நான் காத்திருந்த பந்து எனக்கு வரவே இல்லை.

போதாததற்கு ஆட்டமே மாறிக் கிடக்கிறது. இருபத்தொன்று புள்ளி இப்போது பதினொன்று, பந்தும் பெரிதாகிவிட்டது. சர்வீஸ் போடும்போது கையால் பந்தை மறைக்கக்கூடாதாம். என் சர்வீஸின் உயிரே மறைப்பதுதான். இத்தனையும் மாறியிருக்கும்போது நீயாவது மாறாமல் இருந்திருக்கலாம்.

இப்படிக்கு,
வீங்கிய முழங்கை

•

ஜூலை 19

முழங்கைக்காரருக்கு,

நலம். முழங்கைக்குப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுங்கள். இதைப் பரிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த சனிக்கிழமை ஆட ஆள் வேண்டும்.

நம் ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் ஆட்டம். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆலைகளுக்கிடையே நடந்த போட்டியில் மூன்று வருஷம் ஒற்றையரில் ஜெயித்தவள். அடித்து ஜெயித்தவள். நாம் ஜோடி சேர்ந்த முதல் மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? என் பேட்டிலிருந்து வழவழப்பு ரப்பரை உரித்தீர்கள். நீளக் குமிழ் வைத்த ரப்பரை வாங்கி வந்து, பசை தடவி, உருட்டி ஒட்டி, ஓரம் வெட்டி, "உனக்கு இதுதான் சரியா வரும்" என்று கையில் கொடுத்தீர்கள். அந்த ரப்பரில் பந்து பட்டால் வேகம் செத்துப்போகும், சுழற்சி தலைகீழாகும், எதிராளி தடுமாறுவான். உண்மை. ஆனால் அதில் ஓங்கி அடிக்க வராது. நான்கு வருஷம் மேசையோரம் நின்று தடுத்துத் தடுத்துத் தள்ளினேன். கைதட்டல் உங்களுக்கு. "உங்க வீட்டம்மா நல்லா எடுத்துக் குடுக்கறாங்க" என்று உங்களிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இங்கே வந்ததும் புதுப் பேட் வாங்கினேன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு, இரண்டும் வழவழப்பு. இனிமேல் எடுத்துக் கொடுக்கமாட்டேன்.

முட்டிக்கொள்வதற்குக் காரணம் நானா? அடித்துவிட்டு மரம் மாதிரி அங்கேயே நிற்கிறீர்கள். உங்கள் முறை முடிந்ததும் விலக வேண்டும், நான் வருவதற்கு இடம் விட வேண்டும். தன் அடி எங்கே விழுந்தது என்று ரசித்துக்கொண்டு நிற்கும் ஆளைச் சுற்றி ஓட எனக்கு வயதில்லை.

இப்படிக்கு,
இடக்கைக்காரி

•

ஆகஸ்ட் 5

இடக்கைக்காரிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

பழைய கணக்கைத் தோண்டுவது என்று முடிவு செய்துவிட்டாய். சரி, என் பக்கமும் கொஞ்சம் மண் இருக்கிறது. பெரியவன் பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் மேசையிலிருந்து வலையைக் கழற்றியது யார்? அதன் மேல் குழந்தைத் துணியை விரித்துக் காயவைத்தது யார்? கொஞ்ச நாள் பொறுத்து நான் கேட்டேன், "ஒரு ஆட்டம் போடலாமா?" என்று. "பிள்ளை தூங்குறான், சத்தம் போடாதீங்க" என்றாய். அன்றைக்குப் பிள்ளை தூங்கினான். அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் கடைக்குட்டி பிறந்தாள், அவளும் தூங்கினாள், அவளுக்கும் பரீட்சை. இந்த வீட்டில் நான் சத்தம் போடாமல் நடந்து நடந்து ஆளே இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசினால்தான் நீ தலை நிமிர்ந்தாய். அதனால் பிள்ளைகளைப் பற்றியே பேசினேன். இப்போது வேறு பேச்சு இல்லை என்று என் மேல் குற்றம்.

போன சனிக்கிழமை ஆடியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் சுற்றுக்குக்கூட லாயக்கில்லை நாம். ஆட்டம் முடிந்து படிக்கட்டில் நீ என்னைச் சொன்ன சொல் இன்னும் காதிலேயே நிற்கிறது. 'சுயநலக்காரர்' என்று சொன்னாலும் பரவாயில்லை, 'பழக்கப்பட்ட ஆள்' என்றாய்.

பெயரை எடுத்துவிடலாம். உனக்கு அங்கே எண்பது பெண்கள் இருக்கிறார்கள். அங்கேயே இருந்துகொள்.

•

செப்டம்பர் 6

ஐயாவுக்கு,

நலம். ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, வரவும் இல்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுதியதைக் கிழித்தேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நிரந்தரமாக இருக்கிறேனா இல்லையா என்று நவம்பர் முப்பதுக்குள் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். 'அங்கேயே இருந்துகொள்' என்று எழுதினீர்களே, அது கோபத்தில் வந்ததா, உங்கள் எண்ணமே அதுவா? கோபம் என்றால் நான் கோபித்துக்கொள்வதோடு விஷயம் முடிந்தது. எண்ணம் என்றால் நான் வேறு வீடு பார்க்க வேண்டும். ஒரு வரி போதும்.

வலையைக் கழற்றியது நான்தான். குழந்தைத் துணிக்கு வேறு இடம் அந்த வீட்டில் எங்கே இருந்தது? ஆனால் நீங்கள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டதும் உண்மை. லிஃப்ட் நின்றால் எத்தனை தடவை பொத்தானை அமுக்கிப் பார்ப்பீர்கள்?

பெயரை எடுக்க வேண்டாம். இங்கே உணவுக்கூடத்தில் ஒரு மேசை இருக்கிறது. மதிய இடைவேளையில் தையல் இயந்திரம் பழுது பார்க்கிற பெண்ணோடு ஆடுகிறேன். அந்தப் பல்லைக் காட்டிய மனிதரைச் சும்மா விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, இன்றைய தேதி வரைக்கும்

•

செப்டம்பர் 14

உனக்கு,

நலம். வந்த கடிதத்தைப் படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

ஹால் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன். அடிக்கிற மாதிரி கையை வீசிவிட்டு உடனே பின்னால் ஒரு எட்டு, பக்கத்தில் ஒரு எட்டு, அப்புறம் சுற்றி வந்து மறுபடி இடம். பந்து கிடையாது, எதிராளி கிடையாது. வேலை முடிந்து வந்து தினமும் இதைச் செய்கிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, "என்ன சார், வீட்ல யாராவது டான்ஸ் கத்துக்கறாங்களா?" என்றார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றை ஆள் என்று தெரிந்ததும், மேலே எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார். போகும்போது பயந்த மாதிரி தெரிந்தது.

நீ சொன்னது சரி என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. விலகி நிற்கப் பழகுகிறேன், அவ்வளவுதான். பழக்கப்பட்ட ஆள் என்றாயே, பழகாத ஒன்றையும் செய்து காட்டுகிறேன்.

காஸ் புத்தகம் கிடைத்துவிட்டது. அரிசி டப்பாவுக்குள் அதை வைக்க உன் ஒருத்தியால்தான் முடியும்.

இப்படிக்கு,
டான்ஸ் மாஸ்டர்

•

அக்டோபர் 14

டான்ஸ் மாஸ்டருக்கு,

நலம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை நடந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஓங்கி இரண்டு ஸ்மாஷ் அடித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எரிச்சலில் என் பழைய குமிழ் பேட்டைப் பையிலிருந்து எடுத்து உங்கள் மடியில் வீசினேன். "நாலு வருஷம் நான் புடிச்சேன், ஒரு நாள் நீங்க புடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். தெரிந்தது எனக்குத்தான். எதிரில் நின்ற தபால்காரர் எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் உங்களிடம் பட்டதும் பந்து சோம்பேறியாகிவிடுகிறது. மணிக்கட்டை அசைப்பதே தெரியவில்லை. அவர் குழம்பித் தூக்கிக் கொடுக்கிறார், நான் அடிக்கிறேன். நீங்கள் தடுத்துவிட்டு விலகியும் விட்டீர்கள். மூன்று ஆட்டமும் நமக்கு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடிந்ததும் கேட்டேன், "இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்று. நீங்கள் பேட்டைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஸ்மாஷ் எப்பவும் புடிச்சதில்ல, தோள் வலிக்கும். நீ எடுத்துக் குடுத்தியேன்னு அடிச்சேன்" என்றீர்கள். நீங்கள் அடிக்கிறீர்களே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். நான் எடுத்துக் கொடுக்கிறேனே என்று நீங்கள் அடித்தீர்கள். நான்கு வருஷம் இருவருமே பிடிக்காத வேலையைப் பார்த்திருக்கிறோம், ஊரும் கைதட்டியிருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? முதலில் கேட்காதது நீங்கள். ரப்பரை ஒட்டியவரும் நீங்கள்.

அப்புறம் சர்வீஸ் சைகைக்குச் சண்டை. மேசைக்கடியில் ஒரு விரல் என்றால் குட்டைப் பந்து, இரண்டு விரல் என்றால் நீளம் என்று நான் சொன்னால், உங்களுக்கு அது தலைகீழாக வேண்டும். அதைத் தேநீர்க் கடையில் பேசினோம், பேருந்து நிறுத்தத்தில் பேசினோம், ரயில் நிலையம் வரைக்கும் கத்தினோம். வண்டி கிளம்பின பிறகுதான் உறைத்தது, அன்று முழுக்கப் பிள்ளைகள் பேச்சே வரவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. கடைக்குட்டிக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதான் மனசு அடங்கிற்று.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
அடிக்கிறவள்

•

நவம்பர் 4

அடிக்கிறவளுக்கு,

நலம். தோள் தேவலை.

ரப்பரை ஒட்டியது நான், ஒப்புக்கொள்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு நான்கு வருஷம் வாயை மூடியிருந்தது நீ, அதை நீ ஒப்புக்கொள். வீட்டில் ஒரு விஷயத்துக்கும் மூடாத வாய்.

இருபத்து மூன்றாம் தேதி போட்டி. முதல் சுற்று காலையில், தபால்காரரும் அவர் அக்காளும். முந்தின நாளே வந்துவிடு. சைகை நீ சொன்னபடியே இருக்கட்டும். தோற்றால் அதனால்தான் என்று சொல்லும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்.

கடைக்குட்டி பார்க்க வரவேண்டும் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அழுகிற குரலில் "ஏம்ப்பா?" என்றாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. அவள் வந்து ஓரத்தில் உட்கார்ந்தால் நாம் அவளுக்கு அப்பா அம்மா ஆகிவிடுவோம். நீ அவள் தண்ணீர் குடித்தாளா என்று பார்ப்பாய், நான் அவள் சிரிக்கிறாளா என்று பார்ப்பேன். பந்தை யார் பார்ப்பது? இப்படிச் சொன்னால் பிள்ளை மேல் பாசமில்லாதவன் என்று நினைப்பாள். உனக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தடுக்கிறவன்

•

நவம்பர் 25

உங்களுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

அரையிறுதி வரைக்கும் போனோம் என்று இங்கே சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். தபால்காரரையும் அக்காளையும் தோற்கடித்து அனுப்பினோம், அந்த வங்கி மேலாளர் ஜோடியையும் அனுப்பினோம். பல் டாக்டரிடம் போய் விழுந்தோம். கடைசி ஆட்டம், ஒன்பதுக்கு ஒன்பது. நான் ஒரு விரல் காட்டினேன். நீங்கள் பழைய நினைப்பில் கையை முன்னால் கொண்டுவந்து பந்தை மறைத்தீர்கள், நடுவர் தவறு என்றார், புள்ளி அவர்களுக்குப் போயிற்று. அடுத்ததில் நீங்கள் அற்புதமாகத் தடுத்தீர்கள், அந்த அம்மாள் தூக்கிக் கொடுத்தாள், இதைவிடச் சுலபமான பந்து எனக்கு வராது. நான் மேசைக்கு வெளியே அடித்தேன். இதற்காக நடு ரோட்டில் பல் டாக்டர் முன்னாலேயே ஒருவரை ஒருவர் என்ன பாடு படுத்தினோம். அவரே "விடுங்கம்மா, விளையாட்டுதானே" என்று பயந்துபோய்ச் சொன்னார். விளையாட்டு இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தோம்.

அப்படி ஒரு நாள் எனக்கு எத்தனையோ வருஷமாகக் கிடைக்கவில்லை. அதனால்தான் ரயில் நிலையத்தில் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன். போகாதே என்று சொல்ல வேண்டாம், எப்போது திரும்பி வருவாய் என்றாவது கேட்டிருக்கலாம். "டிக்கெட் எடுத்துட்டியா?" என்றீர்கள். "எடுத்துட்டேன்" என்றேன்.

செப்டம்பரில் ஒரு வரி கேட்டேன். இன்றைக்கு நவம்பர் இருபத்தைந்து. பதில் சொல்லாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே என்னைக் கேட்கிறார்கள், வேண்டும் என்கிறார்கள். வேண்டும் என்று சொல்கிற இடத்தில் இருக்க எனக்கும் ஆசை இருக்கிறது.

இப்படிக்கு,
இடக்கைக்காரி

•

நவம்பர் 28, உங்கள் ஆலை வாசல், காவலாளி அறை

உனக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. காலை வண்டியைப் பிடித்து வந்தேன். தையல் கூடத்துக்குள் போன் கூடாதாம், வெளியாளும் கூடாதாம். காவலாளி நல்ல மனிதர், இந்தத் தாளும் பேனாவும் அவருடையவை. உள்ளே கொடுத்தனுப்புகிறேன் என்கிறார்.

செப்டம்பரில் கேட்டாய், கோபமா எண்ணமா என்று. எண்ணம்தான். அன்றைக்கு நீ போய்த் தொலைந்தால் தேவலை என்றே இருந்தது. கடைக்குட்டி போன பிறகு அந்தச் சாப்பாட்டு மேசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பேச ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. அப்படியே கிழடாகிச் சாகப்போகிறோம் என்று நடுங்கிப்போனேன். நீ ஊரில் இல்லாவிட்டால் அந்த மௌனத்துக்கு நீ ஊரில் இல்லாததே காரணம் என்று சொல்லிக்கொள்ளலாமே. இதை எப்படி ஒரு வரியில் எழுதுவது?

இப்போது அந்த எண்ணம் இல்லை. ரயில் நிலையத்தில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், டிக்கெட் என்று வந்துவிட்டது. எனக்கு நீ வேண்டும். சண்டை போட வேண்டும், கத்த வேண்டும், பந்தை வெளியே அடித்துவிட்டு என் மேல் பழி போட வேண்டும். கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா.

காவலாளி படித்துவிட்டுத் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், விதியாம். படிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலில் இருப்பவன்

•

அதே தாளின் பின்பக்கம்

வாசலில் இருப்பவருக்கு,

நலமா? காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? காவலாளி அறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிரந்தரம். உங்கள் காகிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன், ஆனாலும் அதை மாற்றப்போவதில்லை. நீங்கள் நேற்றே வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. இந்த வேலையில் நான் நன்றாக இருக்கிறேன். இதை விட்டுவிட்டு உங்களுக்காக வந்தால் மறுபடியும் நான் குமிழ் பேட்டைப் பிடித்த மாதிரிதான், அப்புறம் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி உங்களைக் கொல்வேன்.

இந்த ஊரிலும் உயரமான கட்டடங்கள் இருக்கின்றன. லிஃப்டுகள் இங்கேயும் நிற்கின்றன. உங்கள் கம்பெனிக்கு இங்கே கிளை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்க வேண்டியது நீங்கள். வீட்டை விட்டு வர மனமில்லை என்றால் மூன்று மணி வண்டி இருக்கிறது, தப்பாக நினைக்கமாட்டேன். வருத்தப்படுவேன், அது வேறு. எனக்கு ஐந்தரைக்குத்தான் வேலை முடியும்.

என் பெண்கள் முன்னால் வந்து கத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உள்ளே இருப்பவள்

•

மற்றொரு துண்டுத் தாள்

உள்ளே இருப்பவளுக்கு,

சாப்பிட்டேன். காவலாளி தன் டப்பாவில் பாதியைக் கொடுத்தார்.

நீ கையெழுத்துப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஒரே ஒரு நாள். இதை நான் மறக்கமாட்டேன், ஒவ்வொரு சண்டையிலும் இழுப்பேன், தயாராக இரு. வீட்டைக் காலி செய்வது, வேலைக்கு மாற்றல் கேட்பது எல்லாமே எனக்குத் தலைவலி, உனக்குக் கையெழுத்தோடு முடிந்துவிட்டது.

மூன்று மணி வண்டி இப்போதுதான் கூவிக்கொண்டு போயிற்று. காவலாளி இரண்டு தடவை நினைவுபடுத்தினார், நான் எழுந்திருக்கவில்லை.

வெளியே பெஞ்சில் இருக்கிறேன். நிதானமாக வேலையை முடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்